எஸ்எஸ்டியைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு வைரஸைத் திட்டாதீர்கள்

"அண்ணன், வைரஸ் போல. ஒருக்கா ஃபோர்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாங்க."

மட்டக்களப்பில் கொம்பியூட்டர் திருத்தும் எவரும் இதைக் கேட்காமல் ஒரு கிழமையைக் கடத்த முடியாது. போன கிழமை கல்முனைப் பக்கமிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் இதே வசனத்தோடு வந்தபோதுதான், இனி எழுதியே விடுவோம் என்று முடிவெடுத்தேன்.

அவருடையது 240 ஜிபி எஸ்எஸ்டி. (விண்டோஸ் அதை 223 என்றுதான் காட்டும். 1000-ஆல் பெருக்குவதற்கும் 1024-ஆல் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. 17 ஜிபியை நான் களவெடுக்கவில்லை.) மாமாங்கத் திருவிழா வீடியோவும் கல்யாண வீடியோக்களும் சேர்ந்து 4 ஜிபிகூட மிஞ்சாத அளவுக்கு நிரம்பிவிட்டன. மெஷின் ஆமையாகிவிட்டதும், பழைய வீடியோக்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்திருக்கிறார். இப்போது 74 ஜிபி இடம் இருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் வேகம் திரும்பவில்லை. டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறது, எழுதும் வேகமோ விநாடிக்கு 5, 6 எம்பி. இடமும் இருக்கிறது, வேகமும் இல்லை என்றால் வைரஸ்தானே என்பது அவருடைய கணக்கு.

வைரஸ் இல்லை. எஸ்எஸ்டிக்கு ஒரு குணம் உண்டு. அதை ஒரு கொப்பி என்று நினையுங்கள். வெறும் பக்கம் எதிலும் எழுதலாம், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் அழிக்க முடியாது. அழிப்பதென்றால் முழுக் கொப்பியையும்தான் அழிக்க வேண்டும். அதற்கு முன் அதிலுள்ள நல்ல பக்கங்களை வேறொரு கொப்பிக்குப் பார்த்தெழுத வேண்டும். இந்தக் கொப்பிக்கு 'பிளொக்' என்றும் பக்கத்துக்கு 'பேஜ்' என்றும் பெயர். பார்த்தெழுதும் வேலையை டிரைவுக்குள் இருக்கும் கொன்ட்ரோலர் உங்களுக்குத் தெரியாமல் செய்துகொண்டே இருக்கும்.

இனிக் கணக்கு. ஒரு பிளொக்கில் 100 பேஜ் என்று வைப்போம். உண்மையில் இன்னும் அதிகம், கணக்குக்கு இது போதும். அதில் 50 பேஜ் இனித் தேவையில்லாத குப்பை, 50 நல்லது என்றால், நல்ல 50-ஐ நகர்த்தினால் உங்களுக்கு 50 பேஜ் கிடைக்கும். நீங்கள் 1 ஜிபி எழுத, டிரைவ் உள்ளுக்குள் 2 ஜிபி எழுதுகிறது. குப்பை 10 மட்டும்தான் என்றால்? 90-ஐ நகர்த்தினால்தான் 10 கிடைக்கும். நீங்கள் எழுதும் 1 ஜிபிக்கு உள்ளே 10 ஜிபி எழுதப்படும். குப்பை 5 என்றால் 20 ஜிபி. இதைத்தான் ரைட் அம்ப்ளிஃபிகேஷன் என்கிறோம். டிரைவ் நிரம்ப நிரம்ப ஒவ்வொரு பிளொக்கிலும் குப்பை குறைந்து நல்லது கூடும். டிரைவ் பாதி நிரம்பும்வரை ஒன்றுமே தெரியாது. கடைசிப் பத்து வீதத்தில்தான் திடீரென்று கழுத்தை நெரிக்கும். "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சு" என்று எல்லோரும் சொல்வதும், உடனே வைரஸைச் சந்தேகிப்பதும் இதனால்தான்.

உள்ளதில் நல்ல பிளொக்காகப் பார்த்துத்தான் கொன்ட்ரோலர் எடுக்கும். கம்பெனிக்காரன் மறைத்து வைத்திருக்கும் உபரி இடமும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் மலிவு டிரைவ்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அவை வெற்றிடத்தின் ஒரு பகுதியைத்தான் வேகமாக எழுதும் இடைத்தாங்கலாகப் பாவிக்கின்றன. இடம் குறையக் குறைய அந்தத் தாங்கலும் சுருங்கிவிடும்.

சரி, அந்தத் தம்பி 70 ஜிபி அழித்தாரே, அது எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் விண்டோஸ் தன் பதிவேட்டில் ஒரு குறி போடும், அவ்வளவுதான். பேஜ்களில் இருப்பது குப்பை என்று எஸ்எஸ்டிக்கு யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் கட்டளைதான் டிரிம். சொல்லாவிட்டால், அதே முகவரியில் புதிதாக வேறேதும் எழுதப்படும்வரை எஸ்எஸ்டி அந்தப் பழைய கல்யாண வீடியோவைப் பொக்கிஷமாக நினைத்து பிளொக்குக்குப் பிளொக் சுமந்துகொண்டு திரியும். உங்கள் திரையில் 74 ஜிபி காலி. அதன் கணக்கிலோ டிரைவ் இன்னும் நிரம்பித்தான் கிடக்கிறது.

விண்டோஸ் 7 முதல் டிரிம் தானாகவே நடக்கும். இவருடையதில் ஏன் நடக்கவில்லை? அழித்த படங்களை மீட்க வசதி என்று யாரோ யூடியூபில் சொன்னதைக் கேட்டு, யாரோ ஒரு நண்பர் அதை நிறுத்தி வைத்திருக்கிறார். நல்ல நண்பர். அட்மினிஸ்ட்ரேட்டராகப் பவர்ஷெல்லைத் திறந்து கீழே உள்ள முதல் வரியை அடித்தேன், 1 என்று வந்தது. 1 என்றால் டிரிம் நிறுத்தப்பட்டிருக்கிறது, 0 என்றால் இயங்குகிறது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள், கவனம்.

```
fsutil behavior query DisableDeleteNotify
fsutil behavior set DisableDeleteNotify 0
Optimize-Volume -DriveLetter C -ReTrim -Verbose
```

இரண்டாவது வரி இனி அழிப்பவற்றுக்கு மட்டும்தான். ஏற்கெனவே அழித்தவற்றை மொத்தமாக அறிவிப்பது மூன்றாவது வரி. அதை ஓடவிட்டு, மெஷினைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கவிட்டோம். கொன்ட்ரோலர் பிளொக்குகளைத் துடைப்பதற்கு அந்த ஓய்வு உதவும். பிறகு ஒரு பெரிய வீடியோவை எழுதிப் பார்த்தபோது விநாடிக்கு 400 எம்பிக்கு மேல் போனது. ஃபோர்மட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. டிரைவின் ஹெல்த்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சொஃப்ட்வெயாரில் பார்த்தால், கொம்பியூட்டர் எழுதச் சொன்னது 19 டிபி, எஸ்எஸ்டிக்குள் இருக்கும் சிப்பில் உண்மையில் எழுதப்பட்டது 64 டிபி. மூன்று மடங்குக்கு மேல். சிப்பின் ஆயுள் அந்த இரண்டாவது எண்ணில்தான் கழிகிறது. எல்லா டிரைவும் இந்த எண்ணைக் காட்டாது.

இப்போது என்னை மிகவும் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "ஃபோர்மட் அடிச்சாச் சரியாகிடும்" என்பது. சரியாகத்தான் ஆகும்! அதுதான் பிரச்சினையே. விண்டோஸில் குவிக் ஃபோர்மட் செய்யும்போது அந்தப் பகுதி முழுவதற்கும் டிரிம் போகிறது. புது விண்டோஸ் போட்டால் டிரிம் அமைப்பும் பழையபடி இயங்க ஆரம்பிக்கும். டிரைவும் காலி, குப்பையும் போய்விட்டது, பறக்கும். உடனே "பாத்தீங்களா, வைரஸ்தான்" என்பார்கள். பிறகு வெளியே எடுத்து வைத்த 220 ஜிபியையும் அப்படியே திருப்பிக் கொட்டுவார்கள். இரண்டு மாதத்தில் மீண்டும் கடை வாசலில். ஒவ்வொரு தடவையும் அந்த 220 ஜிபியையும் எழுதியதால் ஆயுள் தேய்ந்ததுதான் மிச்சம். என்னைப் போன்ற கடைக்காரருக்கு வருமானம், அதையும் மறுக்கவில்லை.

ஆகவே தயவுசெய்து, 240 ஜிபி டிரைவில் 35, 40 ஜிபியை எப்போதும் சும்மா விடுங்கள். முடித்துக் கொடுத்த வீடியோக்கள் சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும், அது மலிவு. எஸ்எஸ்டியில் விண்டோஸும் இன்றைக்கு எடிட் பண்ணும் வேலையும் மட்டும் இருக்கட்டும். எடிட்டிங் சொஃப்ட்வெயாரின் காஷ் ஃபோல்டரை மாதம் ஒருமுறை பாருங்கள், யாருக்கும் தெரியாமல் வீங்குவது அதுதான். சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் சொஃப்ட்வெயாரை வெளியிலிருந்து இறக்கி எஸ்எஸ்டியில் ஓட்டாதீர்கள். விண்டோஸின் சொந்த ஒப்டிமைஸ் எஸ்எஸ்டியைக் கண்டால் டிரிம் அனுப்பும், அது போதும்.

யூஎஸ்பி பெட்டிக்குள் போட்ட எஸ்எஸ்டி என்றால் பல மலிவுப் பெட்டிகள் டிரிமை உள்ளே விடாது. மேலே உள்ள மூன்றாவது வரியை அந்த டிரைவ் எழுத்தோடு அடித்துப் பாருங்கள், ஆதரவு இல்லை என்று பிழை வந்தால் பெட்டியை மாற்றுங்கள். இடம் விட்டு, டிரிமும் ஓடி, அப்போதும் மெதுவென்றால் அது வேறு நோய். டிரைவின் ஹெல்த்தைப் பார்க்க வேண்டும், அதற்கு முன் உள்ளதைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

டிரிம் ஓடும் டிரைவில் தவறுதலாக அழித்த ஆல்பத்தை மீட்டுத் தரச் சொல்லி யாரும் கொண்டுவர வேண்டாம். பெரும்பாலும் அது போனது போனதுதான். அதற்காக டிரிமை நிறுத்தவும் வேண்டாம். 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, எடுத்த படங்களை அன்றன்றே அதில் இன்னொரு பிரதி போடுங்கள்.