வீச்சை மட்டும் பார்த்து முட்டு கொடுக்காதீர்கள்

இயந்திரம் அதிர்ந்தால் பலரும் உடனே செய்வது, அடிச்சட்டத்தில் ஒரு முட்டு வைத்து வெல்டிங் அடிப்பது. அதிர்வு ஆய்வுதான் என் தொழில். முட்டு வைத்த பிறகு அதிர்வு கூடிப்போன இயந்திரங்களையும் பார்த்திருக்கிறேன். ஏன் கூடுகிறது என்பது ஒரே வரிக் கணக்கில் தெரிந்துவிடும்.

விசையை F·e^(iωt) என்றும் இடப்பெயர்ச்சியை X·e^(iωt) என்றும் எழுதி, இயக்கச் சமன்பாட்டில் போட்டால் கிடைப்பது இது:

```
X = F / (k − mω² + icω)
```

இங்கே m நிறை, k விறைப்பு, c தணிப்பு, ω இயந்திரம் ஓடும் வேகத்துக்கு ஏற்ற கோண அதிர்வெண். X ஒரு கலப்பெண். அதன் அளவு வீச்சு. கீழே உள்ள பகுதியின் கோணம்தான் விசைக்கு இடப்பெயர்ச்சி எவ்வளவு பின்தங்குகிறது என்பது. வேகம் குறைவாக இருக்கையில் k ஓங்கி நிற்கும், பின்தங்கல் சுழிக்கு அருகில். இயல் அதிர்வெண்ணில் k-யும் mω²-உம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, மிஞ்சுவது icω மட்டும். தணிப்பைத் தவிர வீச்சைத் தடுக்க அங்கே வேறெதுவும் இல்லை. பின்தங்கலும் சரியாக 90°. அதையும் தாண்டினால் மெய்ப்பகுதி எதிர்க்குறி ஆகி, கோணம் 180° நோக்கிப் போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இயல் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ், தணிப்பு விகிதம் 0.02, அதே விசை அசையாமல் அழுத்தினால் சட்டம் வளைவது 10 மைக்ரான். 25 ஹெர்ட்ஸில் வீச்சு 250 மைக்ரான். 24-இல் சுமார் 115, 26-இல் சுமார் 109. இந்த இரண்டையும் வீச்சை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் பின்தங்கல் 24-இல் 26°, 26-இல் 153°!

இயந்திரம் 24-இல் ஓடினால் முட்டு நல்லது, இயல் அதிர்வெண் மேலே விலகிவிடும். 26-இல் ஓடினால் கதையே வேறு. விறைப்பை வெறும் 8% கூட்டினாலே இயல் அதிர்வெண் 26-க்கு வந்து நிற்கும். 109 மைக்ரான் 230-க்கு மேலே போய்விடும். அங்கே எடையைக் கூட்ட வேண்டும், அல்லது விறைப்பை இரட்டிப்பாக்கி 35 ஹெர்ட்ஸுக்கே தள்ள வேண்டும். அரைகுறை முட்டுதான் ஆபத்து.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முடுக்கமானி காட்டும் கோணம் இடப்பெயர்ச்சியின் கோணத்திலிருந்து 180° தள்ளியிருக்கும், திசைவேகம் என்றால் 90°. கோணத்தை அளக்கத் தண்டில் ஒட்டும் குறியும் சமநிலை கெட்ட இடமும் ஒன்றல்ல. அதனால் ஒற்றை வேகத்தில் எடுத்த கோணத்தை நம்ப வேண்டாம். வேகம் மாறும்போது கோணம் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தி இயந்திரம் தானாக ஓய்வதைப் பதிவு செய்தாலே போதும். நிறுத்தியதும் அதிர்வு ஒரு கணம் ஏறி, கோணமும் சட்டென்று புரண்டால், இயல் அதிர்வெண்ணுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தீர்கள். கோணம் அசையாமல், வீச்சு மட்டும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்தால், அது ஒத்ததிர்வே இல்லை, வெறும் சமநிலைக் கோளாறு. அப்புறம் முட்டு எதற்கு, தண்டைச் சமநிலைப்படுத்துங்கள்.