அலைவரிசை அல்ல, பட்டை

“உங்கள் மடிக்கணினியில் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரவில்லையா? டிரைவரைப் புதுப்பியுங்கள்.” இதை எத்தனை முறைதான் படிப்பது! வைஃபை பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் ‘பேண்டு’ என்று இருப்பதை மொழிபெயர்ப்பாளர்கள் ‘அலைவரிசை’ ஆக்கிவிடுகிறார்கள்; ‘பட்டை’ என்பதே பொருத்தம். சொல் தவறாக இருப்பதால்தான் யோசனையும் தவறாகிறது என்பது என் கட்சி.

ஹெர்ட்ஸ் என்பது ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயர். ஒரு நொடிக்கு ஓர் அதிர்வு. கிகா என்றால் நூறு கோடி. ‘பேண்டு’ என்பதற்கு நீண்ட துண்டு, வார் என்று பொருள். வேர் ஆராய்ச்சி இதுபோதும்.

அலைவரிசை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தொலைக்காட்சிதான். ஓர் அலைவரிசை கிடைக்கவில்லையென்றால் தேடிப் பிடித்துவிடலாம், பெட்டி அதேதான். ஆனால் இங்கே பேசப்படுவது ஒரு பரப்பு. அமெரிக்கா 2020இல் வைஃபைக்குத் திறந்துவிட்டது 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை. ஐரோப்பாவில் அதன் கீழ்ப்பகுதி மட்டும். இந்தப் பரப்புக்குள் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பல தடங்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் அலைவரிசை என்று சொல்லலாம். முழுப் பரப்புக்கும் அதே பெயரை வைத்தால் வீட்டையும் அறையையும் ஒரே சொல்லால் அழைத்த கதைதான். ‘அலைக்கற்றை’ என்பார்கள். கற்றை என்றதும் ஒளிக்கற்றைபோல ஒரு திசையில் பாய்வதுதான் நினைவுக்கு வரும். அதற்கு வேறு வேலை இருக்கிறது. பட்டைக்கோ இரண்டு பக்கமும் விளிம்பு உண்டு. விளிம்புதான் இங்கே முக்கியம்.

2019இல் வாங்கிய ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் இன்டெல் AX200 வைஃபை அட்டை. ‘வைஃபை 6’ என்று ஒட்டியிருக்கும். அந்த 6 தலைமுறை எண், பட்டை எண் அல்ல. அதன் வானொலிப் பகுதி 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு பட்டைகளுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது. அதற்கு மேலே யார் கத்தினாலும் அதற்குக் கேட்காது. புதிய கைபேசியில் இருப்பது ‘வைஃபை 6இ’ அல்லது 7; அது மூன்றாம் பட்டையான 6 கிகாஹெர்ட்ஸையும் துழாவுகிறது. ரவுட்டர் மூன்று பட்டைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் மடிக்கணினி சத்தமில்லாமல் 5இல் சேர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. தனிப்பெயர் வைத்த வீட்டில்தான் “ஒன்று காணோம்” என்ற கூச்சல். (அந்தத் தனிப்பெயரில் ‘6G’ என்று வேறு எழுதி வைப்பார்கள். கேட்டால் ஆறாம் தலைமுறையாம்!)

விண்டோஸ் 11 என்றால் கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டிச் சோதிக்கலாம்:

```
netsh wlan show drivers
```

விடையில் 6 GHz இல்லையென்றால் பெரும்பாலும் அட்டையையே மாற்ற வேண்டும். மூன்று பட்டைகளையும் பிடிக்கும் AX210 போன்ற அட்டை இருந்தும் தெரியவில்லையென்றால் மட்டும் மென்பொருளைப் பாருங்கள். விண்டோஸ் 10 இந்தப் பட்டையை ஆதரிப்பதில்லை. டிரைவர் யோசனை பொருந்துவது AX210 போன்ற அட்டை வைத்திருப்பவருக்குத்தான். மொழிபெயர்ப்பாளர்கள் அதை எல்லோருக்கும் பரிமாறுகிறார்கள்.