மாத்திரை சீட்டு இருந்தா டைவர்ஸ் கிடைச்சிடுமா?

போன மாசம் ஒருத்தர் ஆபீசுக்கு வந்தாரு, உக்காந்ததும் பையில இருந்து காலி மாத்திரை அட்டைய எடுத்து டேபிள்ல வச்சாரு. ஓலான்சபைன், மனநோய்க்கு குடுக்குற மாத்திரை. "மேடம், என் வைஃப் இதத்தான் ரெண்டு வருஷமா சாப்பிடுறா, இது போதும்ல?"ன்னாரு.

போதாதுங்க. அந்த மாத்திரைய பைபோலார்க்கும் குடுப்பாங்க, சிசோஃப்ரினியாவுக்கும் குடுப்பாங்க. அட்டைய பாத்து ஜட்ஜ் எந்த முடிவுக்கும் வரமாட்டாரு.

இந்து திருமணச் சட்டம் 13(1)(iii)ல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, குணப்படுத்தவே முடியாத சித்தசுவாதீனமின்மை. இன்னொண்ணு, தொடர்ந்தோ விட்டுவிட்டோ வர்ற மனநோய், அதுவும் கூட வாழச் சொல்றது நியாயமே இல்லங்கிற அளவுக்கு இருக்கணும். எல்லா கேஸும் இந்த "அளவு"ங்கிற இடத்துலதான் மாட்டும். சிசோஃப்ரினியான்னு பேர் சொன்னா மட்டும் பத்தாது, தீவிரத்த நிரூபிக்கணும்னு 1988லயே ராம் நாராயண் குப்தா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

கொல்லம் சந்திரசேகர் கேஸ் (2013) இதுக்கு நல்ல உதாரணம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே டாக்டர், மனைவிக்கு சிசோஃப்ரினியான்னு கணவர் போட்ட கேஸ்ல கீழ் கோர்ட் டைவர்ஸ் குடுத்துடுச்சு, ஹைகோர்ட் அத ரத்து பண்ணுச்சு, சுப்ரீம் கோர்ட்டும் ஹைகோர்ட் சொன்னதுதான் சரின்னுடுச்சு. டாக்டர்கள் குழு ரிப்போர்ட்ல நோய் இருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா மருந்துல கட்டுக்குள்ள இருக்கு, ஒழுங்கா மருந்து எடுத்து குடும்பமும் துணையா இருந்தா இல்லறம் நடத்தலாம்னும் இருந்துச்சு. அதோட அந்தம்மா அரசு டாக்டரா வேலை பாத்துட்டு இருந்தாங்க, தீவிர நோய்னா அது எப்படி முடியும்னு கோர்ட் பாத்துச்சு.

டாக்டர கூண்டுல ஏத்துனாலும் குறுக்கு விசாரணைல எதிர் தரப்பு வக்கீலா நாங்க கேக்குறது ரொம்ப சிம்பிள். எத்தன தடவ பாத்தீங்க? "ஒரு தடவ." அறிகுறியெல்லாம் யார் சொன்னது? "கணவர்." அவ்ளோதான், சாட்சி பாதி கரைஞ்சிடும் (இத கேக்காம விட்ட வக்கீல்களையும் பாத்திருக்கேன்).

எதிர் தரப்ப டெஸ்டுக்கு அனுப்ப சொல்லி கேக்கலாம், சாரதா கேஸ்ல (2003) கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் இருக்குன்னு தீர்ப்பு இருக்கு. ஆனா முதல்ல கைல உருப்படியா ஆதாரம் இருக்கணும், சும்மா சந்தேகத்துக்கு அனுப்ப மாட்டாங்க. உத்தரவு போட்ட பிறகும் வரமாட்டேன்னா கோர்ட் அத அவங்களுக்கு எதிரா எடுத்துக்கலாம், அதனால மனைவி சைடுல நின்னா போக சொல்லித்தான் நான் சொல்லுவேன்.

வந்தவர்கிட்ட மருந்து நிறுத்துன நாள் எது, அப்ப என்ன நடந்துச்சு, யார் பாத்தாங்கன்னு எழுதிட்டு வர சொன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு வெறும் பேப்பரோட வந்தாரு, "மாத்திரை போட்டா நல்லாத்தான் மேடம் இருக்கா"ன்னாரு.