காலிக் கல்வெட்டின் பேரரசர் யார்? சீன அரசர்களின் இயற்பெயரைக் கண்டுபிடிக்கும் வழி

இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட இந்தக் கல், தளபதி செங் ஹேயின் கடற்பயணத்தோடு வந்தது. அதன் சீனப் பகுதியில் செங் ஹேயின் பெயர் இருக்கிறது. அவரை அனுப்பியவரோ ‘மகா மிங் பேரரசர்’ மட்டும்தான். ஆண்டு, யோங்லே 7.

வரலாற்று நூல்களைச் செம்மையாக்குவதும் அவற்றுக்குப் பெயரடைவு தயாரிப்பதும் என் தொழில். இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதுகிற பலர், யோங்லே என்பதை அந்த அரசரின் பெயராகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே நூலில் ஓர் இடத்தில் யோங்லே, இன்னோர் இடத்தில் செங்சூ, மற்றோர் இடத்தில் தைசோங் என்று வந்து, அடைவில் மூன்று அரசர்களாகிவிடுகிறார். மூன்றும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன. அவருடைய இயற்பெயர் சூ டி. 1360இல் பிறந்து, 1402இல் அரியணை ஏறி, 1424இல் இறந்தார்.

சீனாவில் ஆளும் அரசரின் இயற்பெயரைச் சொல்வதோ எழுதுவதோ தடை. அதனால்தான் வேறு பெயர்கள் தேவைப்பட்டன. யோங்லே என்பது ஆட்சியாண்டுப் பெயர், அதாவது ஆண்டுகளை எண்ணுவதற்காக அரசவை அறிவிப்பது. யோங்லே 1 என்பது 1403. எனவே யோங்லே ஆண்டு எதுவானாலும் அதோடு 1402ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் ஆண்டு வந்துவிடும். கல்வெட்டின் 7ஆம் ஆண்டு 1409 என்பது அப்படித்தான் கிடைக்கிறது. செங்சூ, தைசோங் இரண்டும் ஆலயப் பெயர்கள். இறந்த அரசருக்கு முன்னோர் ஆலயத்தில் வழிபாடு நடக்கும்போது வழங்குவதற்காகச் சூட்டப்படுபவை. இவை பெரும்பாலும் ‘சூ’ அல்லது ‘சோங்’ என்று முடியும். இவை தவிர, இறந்தவரின் குணத்தையும் செயலையும் புகழ்ந்து சூட்டும் மறைவுப் பெயரும் உண்டு. சூ டியின் மறைவுப் பெயர் பேரரசர் என்ற சொல்லை விட்டுவிட்டாலும் 17 எழுத்து நீளம். அதில் ஆளை அடையாளம் காட்டுவது கடைசி எழுத்தான ‘வென்’ மட்டுமே. முன்னால் உள்ள 16 எழுத்துகளும் புகழுரை.

சரி, ஒருவருக்கு எப்படி இரண்டு ஆலயப் பெயர்கள் வந்தன? சூ டி இறந்ததும் அவருக்குத் தைசோங் என்றுதான் பெயர் வைத்தார்கள். நூறு ஆண்டுகள் கழித்து ஜியாஜிங் பேரரசர் வந்தார். அவருடைய தந்தை அரியணையில் அமர்ந்ததே இல்லை, ஓர் இளவரசராகவே இறந்தவர். அவரையும் ஆலயத்தில் அரசர்களின் வரிசையில் வைக்க வேண்டும் என்பது மகனின் பிடிவாதம். 1538இல் தந்தைக்கு ரூய்சோங் என்ற பெயரைக் கொடுத்தார். அதே ஆண்டில் தைசோங்கைச் செங்சூ என்று உயர்த்தினார். இதனால் இன்று நமக்கு இரண்டு சிக்கல்கள். அதற்கு முன் தொகுக்கப்பட்ட அரசவைப் பதிவேட்டின் பெயர் ‘மிங் தைசோங் பதிவேடு’ என்றே இருக்கிறது. 1739இல் முடிந்த மிங் அரசமரபு வரலாறோ அவரைச் செங்சூ என்கிறது. அப்புறம், ஆலயப் பெயர் இருப்பதாலேயே ஒருவர் ஆண்டார் என்று சொல்லிவிட முடியாது. ரூய்சோங்கை ஆட்சியாளர் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஒரு தலைமுறை கூடிவிடும்.

இயற்பெயரைத் தேட முதலில் அரசமரபைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் தைசோங் என்று எழுதினால் அது யாரையும் குறிக்காது. தாங் மரபின் தைசோங் லி ஷிமின், யுவான் மரபின் தைசோங் செங்கிஸ்கானின் மகன் ஓகொதெய், சிங் மரபின் தைசோங் ஹொங் தைஜி. மரபு தெரிந்துவிட்டால் அந்த மரபின் அதிகாரபூர்வ வரலாற்றில் ஆண்டுவரிசைப் பகுதிக்குப் போகலாம். ctext.org தளத்தில் இவற்றின் சீன மூலத்தைப் படிக்க முடியும். ஒவ்வொரு அரசரின் பகுதியும் பெரும்பாலும் ஒரே மாதிரித் தொடங்கும். முதலில் ஆலயப் பெயர், பிறகு நீண்ட மறைவுப் பெயர், அதை அடுத்து 諱 என்ற எழுத்து. ‘ஹுய்’ என்று உச்சரிக்கப்படும் இதற்கு, சொல்லக் கூடாத பெயர் என்று பொருள். அதற்கு அடுத்து வருவதுதான் இயற்பெயர். சீனம் தெரியாதவர்கள்கூட இந்த ஓர் எழுத்தைப் பக்கத்தில் தேடிப் பிடித்துவிடலாம்.

மிங் வரலாற்றில் செங்சூவின் பகுதி 5ஆம் சுருளில் தொடங்குகிறது. அங்கே 諱棣 என்று இருக்கும், அடுத்து ‘தைசூவின் நான்காம் மகன்’ என்று வரும். 棣 என்பது ‘டி’. குடும்பப் பெயர் அங்கே இருக்காது. அது மரபைத் தோற்றுவித்த தைசூவின் பகுதியில், முதல் சுருளிலேயே சொல்லப்பட்டுவிட்டது: சூ. இரண்டையும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஆட்சியாண்டுப் பெயரை வைத்து அரசரை அழைப்பது மிங், சிங் மரபுகளுக்கே பொருந்தும். அங்கே ஓர் ஆட்சிக்கு ஓர் ஆண்டுப் பெயர் என்ற வழக்கம் இருந்தது. அதிலும் விலக்கு உண்டு: மிங் யிங்சோங் இருமுறை ஆண்டதால் செங்தொங், தியன்ஷுன் இரண்டும் அவரே. சோங் மரபுக்குப் போனால் இந்த முறை சரிப்படாது. 1015இல் சோழத் தூதுவர்கள் போய்ச் சேர்ந்த அவையின் அரசர் சோங் சென்சோங். அவர் ஆட்சியில் ஆண்டுப் பெயர் ஐந்து. அதனால் அவரை ஆலயப் பெயரால்தான் அழைக்க வேண்டும்.

அவருடைய இயற்பெயரும் ஒரே பெயராக நிற்கவில்லை. பிறந்தபோது சாவோ தெசாங். பிறகு இருமுறை மாறி, 995இல் பட்டத்து இளவரசரானபோது ஹெங் ஆனது. 諱 எழுத்துக்குப் பின்னால் இருப்பது கடைசிப் பெயர் மட்டுமே. இளமைக்கால ஆவணங்களில் வேறு பெயர் இருந்தால் அது வேறு ஆள் என்று முடிவுகட்டாமல், ‘முதற்பெயர்’ என்று சொல்லும் அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும்.

கொரியாவின் சோசொன் மரபிலும் ஆலயப் பெயர்தான் வழக்கம். சேசோங்கின் இயற்பெயர் யி தோ. ஆனால் பதவியிலிருந்து நீக்கப்பட்ட யொன்சான், குவாங்ஹே இருவருக்கும் ஆலயப் பெயர் இல்லை. அவர்கள் பெயரோடு ‘குன்’ என்ற இளவரசர் பட்டமே நிற்கிறது. இவர்களை இளவரசர்கள் என்று நினைத்து ஆட்சியாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் ஆண்டவர்கள்.

ஜப்பானில் கவனிக்க வேண்டியது வேறு. முட்சுஹிட்டோவுக்கு மெய்ஜி என்ற பெயரும் ஹிரோஹிட்டோவுக்கு ஷோவா என்ற பெயரும் அவர்கள் இறந்த பிறகு சூட்டப்பட்டவை. ஆகவே 2019இல் பட்டமேற்ற நருஹிட்டோவை ‘ரெய்வா பேரரசர்’ என்று இப்போது எழுதுவது பிழை. ரெய்வா இப்போதைக்கு ஆண்டுப் பெயர் மட்டும்தான். அங்கே அரச குடும்பத்துக்குக் குடும்பப் பெயரும் கிடையாது, தேட வேண்டாம்.

அடைவில் நான் இப்படிப் பதிகிறேன்: ‘சூ டி, மிங் செங்சூ, யோங்லே பேரரசர் (ஆட்சி 1402–1424)’. ‘யோங்லே’, ‘செங்சூ, மிங்’, ‘தைசோங், மிங்’ ஆகிய மூன்று இடங்களிலும் ‘காண்க: சூ டி’ என்று மட்டும் இருக்கும். 1402க்கு முந்தைய நிகழ்ச்சிகளில், நூலின் உள்ளே அவரை யோங்லே என்று விடுவதில்லை. அப்போது அவர் யான் இளவரசர்.