உறிஞ்சலா, ஏற்றமா? மேற்செலவைப் பொருளின் தலையில் வைக்கும் கணக்கு

பினாங்கின் பிறையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குச் சாமான் ஏற்றும் இரும்புத் தள்ளுவண்டிகள்தாம் அங்கே செய்கிறார்கள். ஒரு மாதக் கணக்கை முடித்துக் கொடுத்தபோது முதலாளி தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, போன மாசம் பாதி வண்டி ஸ்டோர்லதான் நிக்குது. கையில காசு இல்ல. இதுல லாபம்னு போட்டிருக்கீங்க?"

"அப்சார்ப்ஷன் காஸ்டிங் அண்ணே, அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டேன். அது பதிலே இல்லை என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. வாடகை போன்ற பொதுச் செலவையும் பொருளின் கணக்கில் சேர்க்கும் அந்த முறையின் பெயரை நல்ல தமிழில் சொல்லியிருந்தால் கேள்விக்கான விடை அதற்குள்ளேயே இருந்திருக்கும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'சொர்பேரே' என்றால் உறிஞ்சுதல். முன்னால் 'அப்' சேர்ந்து 'அப்சொர்பேரே' ஆயிற்று. நம் ஊர் மலாய்ப் பாடநூல்களும் அதே வழியில் போய், உறிஞ்சுதலைக் குறிக்கும் 'செராப்' என்ற வேரிலிருந்தே பெயர் வைக்கின்றன. இலங்கைத் தமிழ்க் கணக்கியலில் 'உறிஞ்சல்' உண்டு. ஓவர்ஹெட் என்பதை அவர்கள் 'மேந்தலை' என்கிறார்கள். தமிழ்நாட்டு நூல்களில் 'மேற்செலவு' என்ற சொல் பழக்கம். எனக்கும் மேற்செலவுதான் வசதி. பொருளுக்கு நேரே போகும் இரும்பு, சக்கரம், கூலி ஆகியவற்றுக்கு மேலே வந்து நிற்கும் செலவு என்று அதைக் கேட்டவுடன் விளங்கிக்கொள்ளலாம்.

'உறிஞ்சல்' என்பதோடுதான் எனக்குச் சண்டை. பஞ்சு தண்ணீரைத் தானாக உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. தள்ளுவண்டி பட்டறை வாடகையை அப்படி உறிஞ்சுவதில்லை. ஒரு வண்டிக்கு இவ்வளவு வாடகை என்று ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்து அதன்மேல் வைக்கிறார். அவர் வைக்கும் அளவு மாறினால் லாபமும் மாறும். உறிஞ்சல் என்ற சொல் அந்த மனிதரை மறைத்துவிடுகிறது. கடைத்தெருவில் நாம் பேசும் சொல் அவரை மறைப்பதில்லை: "வாடகையையும் விலையிலதான் ஏத்துவான்." ஏற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும், ஓர் அளவும் வேண்டும். ஆகவே செலவைப் பொருளின்மேல் வைக்கும் செயலை ஏற்றுதல் என்பேன். ஒரு பொருளுக்கு ஏற்றும் அளவு ஏற்றுவீதம். ஏற்றியது நடந்த செலவைவிடக் குறைந்தால் குறையேற்றம், கூடினால் மிகையேற்றம். ஒரே வேரிலிருந்து நான்கு சொல் கிடைக்கிறது.

காஸ்ட் என்பதற்கோ நம்மிடம் மிக அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது. "இதோட அடக்கம் எவ்வளவு?" என்று எந்த வியாபாரியும் கேட்பார். பொருளுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறதோ அதன் கூட்டுத்தொகை அடக்கம். அடங்கு என்ற வினையிலிருந்து வந்தது. அப்படியானால் கேள்வி எளிது: பட்டறை வாடகை வண்டிக்குள் அடங்குமா, அடங்காதா? அடங்கும் என்று சொல்லும் முறையே அப்சார்ப்ஷன் காஸ்டிங். அடங்காது, வண்டியோடு கூடிக் குறையும் செலவு மட்டுமே அடங்கும் என்பது 'இறுதிநிலை அடக்கவிலை' முறை.

முதல் முறைக்கு நான் தேர்ந்திருக்கும் பெயர் 'முழு உற்பத்தி அடக்கம்'. வெறுமனே 'முழு அடக்கம்' என்று விட்டுவிட முடியாது. அலுவலகக் குமாஸ்தாவின் சம்பளம், வண்டியை வாடிக்கையாளர் வாசலுக்குக் கொண்டுபோகும் லாரிச் செலவு, விற்பனைக் கமிஷன் ஆகியவை அடக்கத்தில் சேரா. உற்பத்தி நடக்கும் இடத்தின் செலவுக்குத்தான் உள்ளே இடம். 'உற்பத்தி' என்ற சொல் நடுவில் நிற்பது அந்த எல்லையைக் காட்டத்தான்.

இனி அந்தப் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன். ஒரு வண்டிக்கு இரும்பு, சக்கரம், சாயம் 140 ரிங்கிட். கூலி, பீஸ் கணக்கில், 60 ரிங்கிட். வெல்டிங் கம்பி, கேஸ், மின்சாரம் 20 ரிங்கிட். ஆக 220 ரிங்கிட் வண்டியோடு சேர்ந்தே வரும். வண்டி செய்யாவிட்டால் வராது. இவை தவிர, பட்டறை வாடகை, போர்மேன் சம்பளம், இயந்திரத் தேய்மானம், காப்புறுதி எல்லாம் சேர்ந்து மாதம் 14,000 ரிங்கிட். இவை ஒரு வண்டிகூடச் செய்யாத மாதத்திலும் வரும்.

இந்த 14,000-ஐ எத்தனை வண்டிமேல் ஏற்றுவது? அந்த மாதம் செய்த எண்ணிக்கையால் வகுக்கத்தான் முதலில் தோன்றும். 200 வண்டி செய்த மாதத்தில் ஒன்றுக்கு 70 ரிங்கிட் வரும். 100 மட்டும் செய்த மாதத்தில் 140 வரும். இரும்பும் அதே, கூலியும் அதே, வண்டியும் அதே. ஆனால் அடக்கம் 290-லிருந்து 360 ஆகிவிடும். விற்பனை விலை 340. அடக்கத்துக்குக் கீழே விற்கிறோமே என்று முதலாளி பயந்து விலையை ஏற்றினால், இருக்கிற ஆர்டரும் குறையும். அடுத்த மாதம் 80 வண்டிதான் செய்வார். ஏற்றுவீதம் 175 ஆகும். மறுபடி விலையை ஏற்றத் தோன்றும். ஆள் இல்லாமல் கிடக்கும் வெல்டிங் மேசையின் வாடகையை வாடிக்கையாளரிடம் கேட்கும் கணக்கு இது.

மலேசியாவில் சரக்கிருப்புக்கு உரிய கணக்கியல் தரங்களுள் ஒன்று எம்.எப்.ஆர்.எஸ். 102. அனைத்துலகத் தரமான ஐ.ஏ.எஸ். 2-ஐ ஒட்டியது அது. மாறாத உற்பத்தி மேற்செலவை வசதிகளின் இயல்புத் திறனை வைத்து ஏற்ற வேண்டும் என்கிறது. பல மாதங்களோ பருவங்களோ சேர்ந்த சராசரியில், சாதாரண நிலையில், எவ்வளவு செய்ய முடியும் என எதிர்பார்க்கிறோமோ அது இயல்புத் திறன். வழக்கமான பராமரிப்புக்கு நிறுத்தும் நேரத்தைக் கழித்துவிட வேண்டும். இந்தப் பட்டறைக்கு அது மாதம் 200 வண்டி. ஆகவே ஏற்றுவீதம் 70 ரிங்கிட், அடக்கம் 290 ரிங்கிட். மந்தமான மாதத்திலும் அதே 70-தான். ஏறாமல் மிஞ்சுவதைச் சரக்கில் வைக்கக் கூடாது. அந்த மாதத்துச் செலவாகவே எழுத வேண்டும். வழக்கத்துக்கு மீறி அதிகமாகச் செய்த மாதத்தில் மட்டும் வீதத்தைக் குறைக்க வேண்டும்; இல்லையென்றால் செலவழித்ததைவிட அதிகமாகச் சரக்கின்மேல் ஏறிவிடும்.

இப்போது முதலாளியின் கேள்விக்கு வரலாம். அந்த மாதம் அவர் விற்றது 120 வண்டி. அலுவலகம், லாரி முதலிய வெளிச்செலவு 5,000 ரிங்கிட். அவர் 120 மட்டும் செய்து 120-ஐயும் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விற்பனை 40,800. விற்ற வண்டிகளின் அடக்கம் 34,800. செய்யாமல் விட்ட 80 வண்டிக்கான குறையேற்றம் 5,600. வெளிச்செலவு 5,000. கழித்துப் பார்த்தால் 4,600 ரிங்கிட் நட்டம்.

அவர் செய்ததோ 200. "ஆர்டர் வரும், ஆளைச் சும்மா வைக்க வேண்டாம்" என்று முழு வேகத்தில் ஓட்டினார். விற்பனை அதே 40,800, அடக்கம் அதே 34,800, வெளிச்செலவு அதே 5,000. குறையேற்றம் மட்டும் இல்லை. மீதி 1,000 ரிங்கிட் லாபம். ஒரு வண்டிகூட அதிகமாக விற்கவில்லை; ஆனால் நட்டம் லாபமாகிவிட்டது. இரண்டுக்கும் இடையே உள்ள 5,600 ரிங்கிட், ஸ்டோரில் நிற்கும் 80 வண்டிகள்மேல் வண்டிக்கு 70 வீதம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வாடகை கட்டியாகிவிட்டது, சம்பளம் கொடுத்தாகிவிட்டது. கணக்கில் மட்டும் அது இன்னும் செலவாகவில்லை, சொத்தாக நிற்கிறது. அந்த 80 வண்டிகளுக்காக இரும்புக்கும் கூலிக்கும் மற்றதற்கும் கையைவிட்டுப் போனது 17,600 ரிங்கிட். கையில் காசு இல்லாததற்குக் காரணம் அதுதான்.

தரம் சொன்னபடி எழுதிய சரியான கணக்கிலேயே இப்படி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இயல்புத் திறன் 200, செய்ததும் 200; விதிமீறல் எதுவும் இல்லை. அடுத்த மாதம் அவர் ஸ்டோரிலிருக்கும் 80-ஐ எடுத்து, புதிதாக 40 மட்டும் செய்து, மறுபடி 120 விற்றால், 160 வண்டிக்கான குறையேற்றம் 11,200 அந்த மாதத்தின் தலையில் விழும். நட்டம் 10,200 ரிங்கிட். இரண்டு மாதத்தையும் கூட்டினால் 9,200 நட்டம். மாதம் 4,600 வீதம் விற்றதற்கேற்பச் செய்திருந்தால் வந்திருக்கும் அதே தொகை. ஏற்றிவைத்த செலவு மறைந்துவிடுவதில்லை, மாதம்தான் மாறுகிறது. அந்த வண்டிகளை அடக்கத்துக்குக் கீழேதான் விற்க முடியும் என்ற நிலை வந்தால் சரக்கின் மதிப்பையும் கீழே இறக்கி எழுத வேண்டும். அதையும் அதே தரம் கட்டாயமாக்குகிறது.

இந்த நோயைக் கண்டுபிடிக்க வழி ஒன்று உண்டு. லாபத்தோடு சரக்கிருப்பும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். இருப்பில் கூடிய வண்டிகளை ஏற்றுவீதத்தால் பெருக்கி லாபத்திலிருந்து கழித்தால், விற்பனை மட்டும் சம்பாதித்த தொகை தெரியும். மேலே உள்ள கணக்கில் 80-ஐ 70-ஆல் பெருக்கி, 1,000-லிருந்து கழித்தால் மைனஸ் 4,600.

ஒரு வண்டிக்கு 70 என்று சமமாக ஏற்றுவது எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருப்பதால்தான் நியாயமாகிறது. பட்டறையில் அரை மணியில் முடியும் சின்ன அலமாரித் தாங்கியும் செய்யத் தொடங்கினால் அதன்மேலும் 70 ஏற்ற முடியாது. அப்போது வெல்டிங் மணி நேரத்தை அளவாக வைக்க வேண்டும். மாதத்துக்கு இயல்பாக 700 வெல்டிங் மணி என்றால் மணிக்கு 20 ரிங்கிட். மூன்றரை மணி பிடிக்கும் தள்ளுவண்டிக்கு 70, அரை மணித் தாங்கிக்கு 10. இயந்திரமே பெரும்பாலான வேலையைச் செய்யும் இடத்தில் இயந்திர மணி பொருந்தும். எந்த அளவைத் தேர்ந்தாலும் தேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார்.

மறுநாள் முதலாளியிடம் போய் இதைச் சொன்னேன். "அண்ணே, உங்க வாடகைய ஸ்டோர்ல இருக்கிற வண்டிமேல ஏத்தி வச்சிருக்கோம். வண்டி வித்தாத்தான் இறங்கும்."

"அப்ப அந்த ஆயிரம் என்னோட காசு இல்ல."

"இன்னும் இல்லண்ணே."

இப்போது அவருடைய சரக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு மாத இருப்புக்குக் கீழேயும் 'ஏறிய மேற்செலவு' என்று ஒரு வரி எழுதுகிறோம். போன மாதம் அது 5,600-லிருந்து 2,100-க்கு இறங்கியிருந்தது. 30 வண்டி மிச்சம்.