காப்பிரைட் புகார் வந்துச்சா? 36 மணி நேரம் யாருக்கு, 21 நாள் யாருக்கு

போன வருஷம் ஒரே வாரத்துல எனக்கு ரெண்டு புகார் வந்துச்சு, ரெண்டும் ஒரே பதிவைப் பத்தி. ஒரு நாவலுக்கு விமர்சனம் எழுதியிருந்தேன், அதுல நாவல்லேர்ந்து ரெண்டு பத்தி மேற்கோள், மேல கூகுள்ல தேடி எடுத்த ஒரு ஆத்தங்கரை போட்டோ. போட்டோக்காரர் எனக்கே மெயில் போட்டாரு, பதிப்பகம் என்கிட்ட பேசாம நேரா நான் சர்வர் வாடகைக்கு எடுத்திருக்கிற கம்பெனிக்கு புகார் குடுத்துட்டாங்க. கம்பெனி எனக்கு அனுப்பின மெயில்ல "36 மணி நேரம்"னு பார்த்ததும், அதுக்குள்ள நான் பதில் சொல்லலைன்னா கேஸ் போட்ருவாங்கன்னு நெனச்சு ராத்திரி தூக்கமே போச்சு.

ஆனா அந்த 36 மணி நேரம் நமக்கு வச்ச கெடுவே இல்லைங்க. 1957 காப்பிரைட் சட்டத்தோட 52வது பிரிவும் 2013 விதிகள்ல 75வது விதியும் சொல்றது என்னன்னா, எழுத்துல சரியான புகார் வந்தா, பக்கத்தைச் சேமிச்சு வச்சிருக்கிற கம்பெனி 36 மணி நேரத்துக்குள்ள அதை யாரும் பாக்க முடியாம நிறுத்தி வைக்கணும், அதுவும் நிரந்தரமா இல்ல, 21 நாளைக்கு இல்லன்னா கோர்ட் ஆர்டர் வர்ற வரைக்கும், எது முந்துதோ அது. புகார் குடுத்தவங்க அந்த 21 நாளுக்குள்ள கோர்ட் ஆர்டரைக் கொண்டு வந்து காட்டணும், காட்டலைன்னா கம்பெனி பக்கத்தைத் திரும்பத் தொறந்து விடலாம். "விடலாம்"தான், "விடணும்" இல்ல, இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

சரியான புகார்னா எந்தப் படைப்பு, அது தன்னோடதுங்கறதுக்கு விவரம், எந்த இடத்துல இருக்கு, விமர்சனம் மாதிரி 52வது பிரிவு அனுமதிக்கிற உபயோகத்துல இது ஏன் வராது, ஏத்தினவர் மேல கேஸ் போடுவேங்கற உறுதிமொழி, இதெல்லாம் இருக்கணும். "எங்க புத்தகத்தைத் திருடிட்டாங்க"ன்னு ஒத்தை வரி போதாது. அதனால முதல்ல கம்பெனிகிட்ட புகாரோட முழு நகலைக் கேட்டு வாங்குங்க. இன்னொண்ணு, "ஆதாரம் இந்த லிங்க்ல இருக்கு, டவுன்லோட் பண்ணுங்க"ன்னு வர்ற மெயில் டுபாக்கூரா இருக்கலாம், அந்த லிங்க்கைத் தொடாதீங்க, கம்பெனி தளத்துல நீங்களே லாகின் பண்ணிப் பாருங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன். போட்டோ விஷயத்துல தப்பு என் மேலதான். கூகுள்ல கிடைச்சா ஃப்ரீன்னு ஒரு நெனப்பு, ஆனா போட்டோவுக்கு எடுத்தவரோட ஆயுசு முழுக்கவும், அவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷமும் காப்பிரைட் உண்டு, கீழ "நன்றி: கூகுள்"னு போட்டா அது அனுமதி ஆகாது. படத்தை நீக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சேன், அப்புறம் படத்தைப் பக்கத்துலேர்ந்து மட்டும் இல்லாம சர்வர் ஃபோல்டர்லேர்ந்தும் நீக்கினேன், ஏன்னா பக்கத்துல எடுத்துட்டாலும் படத்தோட முகவரி தனியா உயிரோட இருக்கும். பதில் ரெண்டே வரி: "படத்தை நீக்கிவிட்டேன். அதன் உரிமை உங்களுடையது என்பதற்கான விவரத்தையும் அனுப்புங்கள்." அவர் ஒரிஜினல் ஃபைலைக் காட்டினாரு, அதோட முடிஞ்சுது. பணம் கேட்டிருந்தா, அவர் வழக்கமா என்ன ரேட்டுக்கு குடுக்கிறார்னு கேட்டு அதுலேர்ந்து பேசியிருப்பேன், முதல் மெயில்ல வந்த தொகையை அப்படியே கட்டியிருக்க மாட்டேன்.

மேற்கோள் வேற விஷயம். விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்துப் போடறதை அதே 52வது பிரிவு அனுமதிக்குது. இத்தனை வார்த்தைன்னு சட்டத்துல கணக்கு கிடையாது, எடுத்ததைப் பத்தி நாம பேசியிருக்கோமா, எழுத்தாளர் பேரைச் சொல்லியிருக்கோமா, அதைப் படிச்சாலே புத்தகம் வாங்க வேண்டாம்ங்கற மாதிரி இருக்கான்னுதான் பாப்பாங்க. கதை முழுசையும் ஏத்திட்டு மேல "விமர்சனம்"னு எழுதினா நிக்காது. என்னோடது 1,200 வார்த்தை விமர்சனம், மேற்கோள் 110 வார்த்தை, ரெண்டு பத்தியோட நடையையும் தனியா அலசியிருந்தேன். அதைத்தான் கம்பெனிக்கு எழுதினேன், புகார்ல 52வது பிரிவைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லைங்கறதையும் சேர்த்து.

உங்க பக்கம் அமெரிக்க கம்பெனிகிட்ட இருந்தா முறை வேற, அங்க டிஎம்சிஏங்கற காப்பிரைட் சட்டம். பக்கத்தை நீக்கினது தப்புன்னு நீங்க எதிர் நோட்டீஸ் குடுத்தா, புகார்காரர் கேஸ் போடாத பட்சத்துல 10லேர்ந்து 14 வேலை நாளுக்குள்ள திரும்பப் போடுவாங்க. ஆனா அதுல உங்க பேரு, வீட்டு அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் எதிர்த்தரப்பு கைக்குப் போகும், அமெரிக்க கோர்ட்டுக்குக் கட்டுப்படுறேன்னும், பொய் சொன்னா தண்டனைன்னு தெரிஞ்சேதான் சொல்றேன்னும் கையெழுத்துப் போடணும். போட்டோ மாதிரி நம்ம மேல தப்பு இருக்கிற கேஸ்ல அதைத் தொடவே வேண்டாம். வக்கீல் நோட்டீஸோ கோர்ட் சம்மனோ வந்தாலும் நீங்களா பதில் எழுதாதீங்க, வக்கீலைப் பாருங்க.

என் விமர்சனம் நிறுத்தின நாளைக் காலண்டர்ல குறிச்சு வச்சேன். 21 நாள் ஆச்சு, ஆர்டர் எதுவும் வரல. கம்பெனியும் தானா அசையல. 22வது நாள் "கெடு முடிஞ்சுது, ஆர்டர் வந்திருந்தா நகல் அனுப்புங்க, இல்லன்னா தொறந்து விடுங்க"ன்னு மெயில் போட்டேன், 24வது நாள் சாயங்காலம் பக்கம் திரும்ப வந்துச்சு, ஆத்தங்கரை போட்டோ இல்லாம.