சாச்சா என்றால் மாமா இல்லை: குடும்ப நோய் வரலாறு எழுதுபவர்களுக்கு

பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களிடம் நோய் வரலாறு கேட்கும்போது ஒரே தவறு ஓயாமல் நடக்கிறது. அவர்கள் 'சாச்சாவுக்கும் இப்படித்தான் ரத்தம் நிற்காது' என்கிறார்கள். தாளில் 'மாமாவுக்கும் உண்டு' என்று ஏறுகிறது. இன்னொரு தாளும் அப்படியே வந்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

சாச்சா என்றால் அப்பாவின் தம்பி, நம் சித்தப்பா. மாமா என்பது இந்தியிலும் மாமாதான், அம்மாவின் உடன்பிறந்தவர். அப்புறம் எப்படிக் குழம்புகிறது? நடுவில் 'அங்கிள்' வந்து உட்காருவதால். சாச்சாவை மனசுக்குள் அங்கிள் ஆக்கி, அங்கிளை மாமா ஆக்குகிறோம். வடக்கே குழந்தைகளுக்கு 'சாச்சா நேரு' என்று இருந்தவர் தமிழில் 'நேரு மாமா' ஆனார். பாசத்துக்கு அது போதும். நோய் வரலாற்றுக்கு உதவாது.

ஆறு வயதுப் பையன், முழங்கால் வீங்கியிருக்கிறது, சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்கவில்லை என்று வையுங்கள். ஹீமோஃபிலியா என்ற சந்தேகம். 'மாமாவுக்கும் உண்டு' என்று எழுதினால் மருத்துவர் வரையும் வம்சப் படத்தில் அம்மா பக்கத்து ஆணைக் குறிக்கும் சதுரம் ஒன்று, நோய் உள்ளவர் என்று கறுப்பாகிறது. இந்நோயின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து. எனவே சந்தேகம் வலுக்கிறது, அம்மாவையும் அவர் சகோதரிகளையும் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள்.

உண்மையில் ரத்தம் நிற்காதவர் சாச்சா. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய் மட்டுமே, எக்ஸ் அல்ல. ஆகவே சாச்சாவின் ஹீமோஃபிலியா இந்தப் பையனுக்கு வர வழியில்லை. அப்பா பக்கம் ரத்தக் கசிவு ஓடுகிறது என்றால் வான் வில்லிபிராண்ட் நோய் போல எந்தப் பக்கமிருந்தும் வரக்கூடியதை முதலில் யோசிக்க வேண்டும். ஒரு சொல் மாறியதால் விசாரணையே வேறு வீட்டு வாசலில் போய் நிற்கிறது.

இதற்கு நேர்மாறான பள்ளம் நம் மொழியிலேயே இருக்கிறது. இந்தி, உறவு எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்லும். தமிழ் பல இடங்களில் இரு பக்கத்தையும் ஒரே சொல்லில் சேர்த்துவிடும். அம்மாவின் சகோதரி மௌசி, சாச்சாவின் மனைவி சாச்சி. அம்மாவுக்கு இளையவள் என்றால் மௌசியும் நமக்குச் சித்தி, சாச்சியும் சித்தி. ஆனால் பையனுக்கு ஹீமோஃபிலியா உறுதியானால் மௌசி அந்த மரபணுவைச் சுமக்கலாம், அவர் பிள்ளைகளுக்கும் அது போயிருக்கலாம். சாச்சி வேறு வீட்டு ரத்தம். தாளில் 'சித்தி மகன்' என்று மட்டும் எழுதினால் யாரைக் கூப்பிடுவது?

அத்தையும் அப்படித்தான். அப்பாவின் சகோதரி புவா, மாமாவின் மனைவி மாமி. நம் ஊரில் பல வீடுகளில் இருவருமே அத்தை. மார்பகப் புற்றுநோய் பற்றிக் கேட்கும்போது புவா கட்டாயம் கணக்கில் வர வேண்டும், மாமி வர வேண்டியதில்லை. 'அப்பா பக்கம்தானே, விடுங்கள்' என்று புவாவை ஒதுக்குவதும் தவறு, மார்பகப் புற்றுநோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு அப்பா வழியாகவும் இறங்கும்.

ஆகவே உறவுச் சொல்லை மொழிபெயர்க்காதீர்கள். சொன்ன சொல்லைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதி, பக்கத்தில் 'அப்பாவின் தம்பி' என்று வழியை எழுதுங்கள். சந்தேகம் வந்தால் 'பாப்பா கே பாயி, யா மம்மி கே?' என்று கேட்டால் போதும், அப்பாவின் சகோதரரா அம்மாவின் சகோதரரா என்று பொருள். அடுத்ததாக 'சகே ஹை?' என்று கேளுங்கள், உடன்பிறந்தவர்தானா என்று பொருள். பக்கத்து வீட்டுப் பெரியவரையும் சாச்சா என்பார்கள், வீட்டுவேலை செய்யும் அம்மாளையும் மௌசி என்பார்கள்.

'பாயி' என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். சாச்சா மகன், புவா மகன், மாமா மகன், மௌசி மகன் நால்வருமே அவர்களுக்கு பாயிதான். அத்தை மகன், மாமன் மகன் என்றால் முறைப்பையன் என்ற நம் கணக்கு அங்கே பெரும்பாலான இந்து வீடுகளில் செல்லாது. 'சொந்தத்தில் கல்யாணமா?' என்று எடுத்தவுடன் கேட்டால் முகம் மாறிவிடும். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி இது என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஊருக்கு ஊர் சொல்லும் மாறும். பீகாரில் புவாவை ஃபுவா என்பார்கள். அப்பாவின் அண்ணன் தாவூ, சில வீடுகளில் 'படே பாப்பா'. அதைக் கேட்டுத் தாத்தா என்று எழுதிவிடாதீர்கள். முஸ்லிம் குடும்பங்களில் மௌசி காலா ஆவார், புவா ஃபுப்பி ஆவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நோயாளியோடு வந்து பேசுபவர் பெரும்பாலும் சாச்சாவோ, அப்பாவைப் பெற்ற தாதாவோ, அதாவது அப்பா வீட்டு ஆண்கள். அம்மா வீட்டு நோய் அவர்களுக்குத் தெரியாது. மாமனார் முன்னால் வாய் திறக்காத மருமகள் அந்த அறையிலேயே ஓரமாக உட்கார்ந்திருப்பார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் நானியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், போன் நம்பரை வாங்கிப் பேசிவிட்டு அந்தப் பக்கத்தை நிரப்புங்கள்.